கோச்சிங் ஃபிலாசஃபி எழுதித் தரச் சொல்கிறார்கள் (14 வயதுக்குட்பட்ட பெண்கள், வாலிபால்)

புதுவிசில் · 3 ஜூன், இரவு 9.40

பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் இந்த மாதம் முதல் கோச். 14 வயதுக்குட்பட்ட பெண்கள், 12 பேர். திங்கள், புதன், வெள்ளி மாலை 4.15 முதல் 5.45 வரை பிராக்டிஸ். தலைமையாசிரியை என்னுடைய ‘கோச்சிங் ஃபிலாசஃபி’யை ஒரு பக்கத்தில் எழுதித் தரக் கேட்டிருக்கிறார். எழுதியது இது:

“ஒழுக்கம், கடின உழைப்பு, கூட்டு முயற்சி இவற்றில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஒவ்வொரு மாணவிக்கும் சம வாய்ப்பு அளிப்பேன். வெற்றிக்காக உழைப்போம், தோல்வியிலிருந்து கற்போம். பாதுகாப்பான, மகிழ்ச்சியான சூழலை உருவாக்குவேன்.”

இது போதுமா? ஃபைலில் போய்த் தூங்குகிற காகிதமாக இருக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவில் முடிவெடுக்கும்போது எனக்கு உதவ வேண்டும்.

வில்லிவாக்கம்_வீரா · 3 ஜூன், இரவு 10.15

நல்லாத்தான் இருக்கு, அப்படியே குடுத்துடுங்க. இன்னும் கொஞ்சம் வெயிட்டா வேணும்னா ஜான் வூடனோட பிரமிட் பாருங்க, ஜெயிக்க என்னென்ன குணம் வேணும்னு அடுக்கடுக்கா போட்ட படம். அமெரிக்காவுல யுசிஎல்ஏ யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால் கோச்சா இருந்தவர். 12 சீசன்ல 10 நேஷனல் டைட்டில். அதுல இருக்கிற வார்த்தைங்கள தமிழ்ல எடுத்து எழுதினா போதும், புதுசா யோசிக்கவே வேணாம்.

மண்தரை_மாஸ்டர் · 4 ஜூன், காலை 5.50

வீரா, டைட்டில் கணக்கு சரி. மற்றது சரியில்லை. வூடன் அந்தப் பிரமிடை 1934இல் ஆரம்பித்தார், முடித்தது 1948இல். அப்போது கோச்சாக அவர் கையில் ஒரு நேஷனல் டைட்டில்கூடக் கிடையாது. முதல் டைட்டில் 1964. பதினாலு வருஷம் அடித்துத் திருத்தி வந்த வார்த்தைகள் அவருக்கு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு முடிவை ஞாபகப்படுத்தியிருக்கும். எடுத்து எழுதுகிறவருக்கு அது வெறும் வார்த்தை.

புதுவிசில், உன் குறிப்பை ஒரு சோதனைக்கு உட்படுத்திப் பாரும்மா. ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாக்கு. “எனக்கு ஒழுக்கத்தில் நம்பிக்கை இல்லை” என்று எழுதித் தருகிற கோச் யாராவது உண்டா? “ஆபத்தான சூழலை உருவாக்குவேன்”? கிடையாது. யாருமே மறுக்காத வாக்கியம் எந்த முடிவையும் எடுத்துத் தராது. உன் பக்கத்தில் தப்பிப் பிழைப்பது ஒன்றே ஒன்று: சம வாய்ப்பு. அதை மறுக்கிற கோச்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள், காரணத்தோடுதான் மறுக்கிறார்கள். நீ முதலில் மீறப்போவதும் அதைத்தான். 12 பேர் இருக்கிறார்கள், களத்தில் 6 பேர்தான் நிற்க முடியும். சமம் என்றால் எப்படி என்று நீ எழுதவில்லை.

கொள்கையை முதலில் எழுதாதே. முடிவுகளை முதலில் எழுது. இந்த வருஷம் உனக்குக் கட்டாயம் வரப்போகிற ஆறு சங்கடங்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக்கொள். யார் ஆட்டத்தைத் தொடங்குவது. மூன்றாவது செட்டில் பின்தங்கும்போது யாரை எடுப்பது. நல்லா அடிக்கிற பெண் இரண்டு பிராக்டிஸ் வராமல் நேராக மேட்சுக்கு வந்தால் என்ன செய்வது. முட்டி வலி என்று ஒருத்தி மேட்ச் காலையில் சொன்னால். டியூஷன் நேரம் இடித்தால். வெளியிலிருந்து ஒரு அப்பா கத்திக்கொண்டே இருந்தால். ஒவ்வொரு சீட்டிலும் நீ செய்யப்போவதை ஒரு வரி எழுது. அடியில் அதற்காக எதை இழக்கத் தயார் என்று இன்னொரு வரி. இழப்பு எழுத வரவில்லை என்றால் நீ இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம்.

ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எது திரும்பத் திரும்ப ஜெயிக்கிறது என்று தெரியும். அதுதான் உன் கொள்கை. மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு நல்லது மோதும்போதுதான் அந்தக் காகிதத்தைத் தேடுவாய். வரிசை இல்லையென்றால் அது வாய் திறக்காது.

அண்ணாநகர்_பயாலஜி · 4 ஜூன், மதியம் 1.20

எங்கள் நீட் கோச்சிங் சென்டருக்கும் இதே மாதிரி ஒன்று தேவைப்படுகிறது. “ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கவனம், வாராந்திரத் தேர்வு, சந்தேகம் தீர்க்கும் வகுப்பு” என்று பிரசுரத்தில் போட்டிருக்கிறோம். அது ஃபிலாசஃபியில் சேருமா?

மண்தரை_மாஸ்டர் · 4 ஜூன், மாலை 6.30

சார், இங்கே பேசுவது விளையாட்டு கோச்சைப் பற்றி. இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்: நீங்கள் போட்டிருப்பது நீங்கள் தரும் சேவைகளின் பட்டியல். உங்களுக்கான சீட்டு வேறு. நல்ல ரேங்க் வரக்கூடிய 20 பேரைப் பிரித்துத் தனி பேட்ச் போட்டு, அவர்களுக்கு மட்டும் சிறந்த ஆசிரியரைக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? அதை எழுதுங்கள்.

அண்ணாநகர்_பயாலஜி · 4 ஜூன், இரவு 8.05

கொடுக்கிறோம். பிரசுரத்தில் போடவில்லை. யோசிக்கிறேன்.

புதுவிசில் · 6 ஜூன், இரவு 10.50

ஆறு சீட்டும் எழுதினேன். இரண்டு ராத்திரி ஆனது. முதல் சீட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

“முதல் சுற்று ஆட்டங்களில் எல்லாரும் விளையாடுவார்கள்” என்று எழுதினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டபோது பதில் இல்லை. கடைசி இரண்டு புள்ளிக்கு இறக்கிவிட்டாலும் விளையாடிய கணக்குதானே. சீசன் முழுக்க ஒரு பிள்ளையை அப்படியே ஓட்டிவிட முடியும்.

வில்லிவாக்கம்_வீரா · 6 ஜூன், இரவு 11.10

ஈஸி. ஒரு செட்டுக்கு 6 சப் உண்டு. வெளிய 6 பேர். ஸ்கோர் 12 ஆனதும் ஆறு பேரையும் மாத்திடுங்க. எல்லாருக்கும் பாதி பாதி. மேட்டர் ஓவர்.

மண்தரை_மாஸ்டர் · 7 ஜூன், காலை 5.40

ரூல்படி முடியும். ஆனால் என்ன ஆகிறது பார். ஆறு சப்பும் ஒரே மூச்சில் தீர்ந்துவிட்டது. தொடங்கிய பெண் ஒரு செட்டில் ஒரே ஒரு தடவை உள்ளே திரும்பலாம், அதுவும் தன் இடத்தில் வந்தவளுக்குப் பதிலாகத்தான். அதற்கு ஏழாவது சப் வேண்டும், அது கிடையாது. அதனால் 12க்கு மேல் என்ன நடந்தாலும் நீ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அடிபட்டால் அதற்குத் தனி விதிவிலக்கு உண்டு, அதை விடு. இன்னொன்று, உடம்பு சூடாகாத ஆறு பேர் ஒரே நேரத்தில் சர்வீஸ் ரிசீவ் செய்ய நிற்பார்கள். இந்த வயசில் பாதிப் புள்ளி போவது அங்கேதான். 12–10 இருந்தது 12–17 ஆகிவிடும். அப்புறம் அந்த ஆறு பேருக்குப் பேர் வைத்துவிடுவார்கள்.

சப்பை நம்பாதே, செட்டை நம்பு. ஐந்து செட் வைக்கிறார்களா மூன்று செட்டா, எத்தனை புள்ளி என்று மேனேஜர்ஸ் மீட்டிங்கில் கேட்டுக்கொள். மூன்று செட் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு செட் நிச்சயம் நடக்கும். மூன்றாவது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அதனால் மூன்றாவது செட்டில் எந்த வாக்கும் கொடுக்காதே. முதல் இரண்டு செட்டில் 12 இடம் இருக்கிறது, உன்னிடம் 12 பேர். “முதல் சுற்று ஆட்டங்களில், வந்திருக்கும் ஒவ்வொருவரும் முதல் இரண்டு செட்டில் ஒன்றைத் தொடங்குவார். மூன்றாவது செட்டுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு.” இது எண்ணிப் பார்க்கக்கூடிய வாக்கியம். ஒரு தாய் விரல் விட்டு எண்ணிக் கேட்கலாம், நீயும் விரல் விட்டுப் பதில் சொல்லலாம்.

ஆறு ஆறாகப் பிரிக்கும்போது அடிக்கிறவர்களை ஒரு பக்கம் குவிக்காதே. நல்லா ரிசீவ் செய்கிறவர்கள் யார் என்று முதலில் பார்த்து அவர்களைச் சமமாகப் பிரி. அடிக்கிறவர்களை அப்புறம் போடு.

புதுவிசில் · 7 ஜூன், இரவு 9.15

மாஸ்டர், பிரித்துப் பார்த்தேன், இடிக்கிறது. அடிக்கிறவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிற செட்டர் என்னிடம் ஒருத்திதான். அவள் இரண்டு செட்டிலும் நிற்க வேண்டும். மீதி 11 பேர். மீதி இடம் ஐந்தும் ஐந்தும் பத்து. ஒருத்தி மிஞ்சுகிறாள். ஒரு பெண் வராத நாளில் மட்டும் கணக்குச் சரியாக வருகிறது.

செட்டர்_அப்பா · 7 ஜூன், இரவு 9.50

மேடம், மிஞ்சுகிற பெண்ணைப் பின்வரிசையில் மட்டும் ஆடுகிற லிபரோ ஆக்கிவிடலாமே. லிபரோ மாற்றம் சப் கணக்கில் வராது. இரண்டு செட்டிலும் உள்ளே வெளியே போய்க்கொண்டு இருக்கலாம். என் மகள் பள்ளியில் அப்படித்தான் செய்கிறார்கள்.

மண்தரை_மாஸ்டர் · 8 ஜூன், காலை 6.05

ரூல் சரி. ஒரு ஆட்டத்துக்கு அவசரத்துக்குச் செய்யலாம். சீசன் முழுக்க அதே பெண் என்றால் யோசிக்க வேண்டும். லிபரோவுக்கு சர்வீஸ் கிடையாது, பிளாக் கிடையாது, நெட்டுக்கு மேலே இருக்கும் பந்தை அடித்து அனுப்பக் கூடாது. ஆட்டத்துக்கு முன்பே ஸ்கோர் ஷீட்டில் பெயர் கொடுத்தால் அந்த ஆட்டம் முழுக்க அவள் அதுதான். 13 வயசுப் பெண்ணை அங்கே நிறுத்திவிட்டால் 16 வயசில் உயரமாகி வரும்போது அவளுக்கு அடிக்கத் தெரியாது. ஆடுகிற நேரத்தைக் கொடுத்துவிட்டுக் கற்கிற வாய்ப்பை எடுத்துக்கொள்வது மாதிரி.

நிஜமான பதில் வேறு இடத்தில் இருக்கிறது. பிராக்டிஸ் நேரத்தில் பாரும்மா. 90 நிமிஷத்தில் விரலால் எடுத்துக் கொடுக்கிற பாஸ் எத்தனை பேர் எத்தனை நிமிஷம் செய்கிறார்கள்? அந்த ஒரு செட்டர் மட்டும் 30 நிமிஷம் செய்துகொண்டு மற்றவர்கள் வரிசையில் நின்று அடித்துக்கொண்டிருந்தால், “எல்லாரும் விளையாடுவார்கள்” என்ற வரியை உன் டைம்டேபிளே மறுக்கிறது. ஒவ்வொரு நாளும் 15 நிமிஷம், குறைந்தது நாலு பேர். இல்லையென்றால் முதல் இரண்டு மாதம் செட்டரே வைக்காமல், முன்வரிசை நடுவில் யார் வருகிறாளோ அவளே எடுத்துக் கொடுக்கட்டும். சுழன்று வரும்போது ஆறு பேரும் செட்டர். அசிங்கமாக இருக்கும், பந்து விழும். ஆகஸ்டில் உனக்கு இரண்டு மூன்று பேர் தேறுவார்கள்.

புதுவிசில் · 8 ஜூன், காலை 7.30

இது எனக்குத் தோன்றவே இல்லை. கொள்கை மேட்ச் நாளுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றைய பிராக்டிஸ் நோட்டை எடுத்துப் பார்த்தேன். விரல் பாஸ்: செட்டர் 25 நிமிஷம், மற்றவர்கள் 5.

புதுவிசில் · 11 ஜூன், இரவு 10.20

அடுத்த சீட்டு. பிராக்டிஸ் வராதவர்கள். “80 சதவீதம் வருகை இருந்தால்தான் மேட்ச்” என்று எழுதினேன். பெரும்பாலான பள்ளிகளில் இப்படித்தான் என்கிறார்கள்.

செட்டர்_அப்பா · 11 ஜூன், இரவு 10.45

நியாயமான ரூல். ஒழுங்காக வருகிற பெண்ணுக்கு அதுதான் மரியாதை.

பிசியோ_தாரா · 12 ஜூன், காலை 8.10

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 12 பிராக்டிஸ், 80 சதவீதம் என்றால் 10 நாள் வர வேண்டும். இரண்டு நாள்தான் விடலாம். மாதவிடாய் வலியில் மாதம் இரண்டு நாள் வர முடியாத பெண்ணுக்கு அதோடு முடிந்தது. காய்ச்சல் ஒரு நாள் வந்தால் அவள் அணியில் இல்லை. இந்த வயதுப் பெண்கள் அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். நீங்கள் அளப்பது ஒழுக்கத்தை என்று நினைத்துக்கொண்டு வேறு எதையோ அளப்பீர்கள்.

மண்தரை_மாஸ்டர் · 12 ஜூன், மாலை 7.00

தாரா சொல்வதோடு இன்னொன்று. தண்ணி லாரி வருகிற நாளில் குடம் பிடிக்க வீட்டில் ஆள் இல்லாமல் நிற்கிற பெண் உன் 12 பேரில் இருப்பாள். தம்பியை ஸ்கூலிலிருந்து கூட்டிப் போகிறவள் இருப்பாள். எல்லாம் அந்தப் பெண் கையில் இல்லாத விஷயம். அவள் கையில் இருப்பது ஒன்று: சொல்லிவிடுவது. அதனால் வருகையை எண்ணாதே, சொல்லாமல் விட்டதை எண்ணு. “அன்று மதியத்துக்குள் வீட்டிலிருந்து குரூப்பில் ஒரு செய்தி வந்தால் அது விடுப்பு. சொல்லாமல் விட்டது இரண்டானால் அடுத்த ஆட்டத்தில் தொடக்கம் இல்லை.” செய்தி பெற்றோர் இருக்கிற குரூப்பில்தான் வர வேண்டும், உன் நம்பருக்குத் தனியாக வேண்டாம்.

செட்டர்_அப்பா · 12 ஜூன், இரவு 9.30

மாஸ்டர் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பன்னிரண்டு நாளும் வெயிலில் வந்து நின்ற பெண் ஒரு பக்கம். ஐந்து நாள் செய்தி அனுப்பிவிட்டு டியூஷன் போனவள் ஒரு பக்கம். இருவருக்கும் ஒரே இடம் என்றால் வந்தவளிடம் என்ன சொல்வீர்கள்?

மண்தரை_மாஸ்டர் · 13 ஜூன், காலை 5.45

நல்ல கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. முதல் சுற்றில் இருவருக்கும் இடம் கொடுப்பேன், மூன்றாவது செட்டிலும் நாக் அவுட்டிலும் வந்தவளைத்தான் நிறுத்துவேன். வராதவளுக்குக் கை பழகியிருக்காது, அதனால் அது பெரும்பாலும் தானாக நடக்கும். தானாக நடக்காத ஒரு பெண் உண்டு. வராமலே நன்றாக ஆடுகிறவள். அவளை வைத்துத்தான் எல்லா கோச்சும் வளைகிறார்கள்.

வில்லிவாக்கம்_வீரா · 13 ஜூன், காலை 9.00

நாக் அவுட்ல பெஸ்ட் ஆறுதான்னா அப்புறம் ‘எல்லாரும் விளையாடுவாங்க’ எங்க போச்சு? மேனேஜ்மென்ட்டுக்குக் கோப்பை வேணும். அத நேரா எழுதிடலாமே.

மண்தரை_மாஸ்டர் · 13 ஜூன், மாலை 6.20

இந்தத் தடவை வீரா சொல்வது சரி, எழுதத்தான் வேண்டும். எல்லை எங்கே என்று ஜூனிலேயே எழுதிவிட வேண்டும். சோனல் நாக் அவுட்டில் ஒரு தோல்வி என்றால் வீட்டுக்கு. அங்கே எல்லாரையும் தொடங்க வைப்பாயா, மாட்டாயா என்பது உன் விருப்பம். இரண்டும் நேர்மையான பதில்தான். “எப்போதும் சமம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு அரையிறுதியில் ஆறு பேரோடு நிற்பதுதான் தப்பு. பெஞ்சில் உட்காரும் ஆறு பேருக்கு அன்றைக்குத்தான் தெரிய வரும். அதன் பிறகு நீ சொல்கிற எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

தலைமையாசிரியையிடமும் இந்த வரியைத்தான் காட்ட வேண்டும். எந்த ஆட்டங்களில் கோப்பையைப் பணயம் வைத்து எல்லாரையும் இறக்கப்போகிறாய் என்று அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரியட்டும். மறுத்தால் இப்போதே மறுக்கட்டும்.

புதுவிசில் · 17 ஜூன், இரவு 11.00

வலி பற்றிய சீட்டில் “வலி என்று சொன்னால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது” என்று எழுதியிருக்கிறேன். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

பிசியோ_தாரா · 18 ஜூன், காலை 8.30

இருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் பிள்ளைகள் வலியை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். சொன்னால் இடம் போகும் என்பதுதான் அவர்கள் காதில் விழும்.

வேகமாக வளர்கிற வயது இது. குதிக்கிற விளையாட்டில் முழங்கால் சில்லுக்குக் கீழே, கால் எலும்பு மேடாக இருக்கிற இடத்தில் தொட்டால் வலிக்கும், வீங்கும். மிகவும் சாதாரணம். அதற்கு எல்லோரும் முழு ஓய்வு எடுக்க வேண்டியதில்லை. குதிப்பதைக் குறைத்து, வலி கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டு ஆடலாம். ஆனால் முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும். நொண்டிக்கொண்டு நடக்கிறாள், இரவில் வலிக்கிறது, முட்டி பூட்டிக்கொள்கிறது என்றால் ஆட்டம் வேண்டாம், டாக்டரிடம் அனுப்புங்கள்.

வரியை இரண்டாக உடைத்துப் பாருங்கள். சொன்னவளுக்கு இழப்பு இருக்கக் கூடாது. உள்ளே போவதா வேண்டாமா என்பதை அவளும் தீர்மானிக்கக் கூடாது, ஸ்கோரும் தீர்மானிக்கக் கூடாது.

புதுவிசில் · 20 ஜூன், இரவு 9.30

தலைமையாசிரியையிடம் கொடுத்தது இது. எழுத எழுதச் சுருங்கிவிட்டது.

“1. உடம்பு முதலில். வலியைச் சொன்னவர் தன் இடத்தை இழக்க மாட்டார். குணமாகி வரும்போது அடுத்த தொடக்கம் அவருடையது. நொண்டுகிறவரை எந்த ஸ்கோரிலும் இறக்க மாட்டேன், அவரே கேட்டாலும்.

2. கற்பது அடுத்து. முதல் சுற்று ஆட்டங்களில், வந்திருக்கும் ஒவ்வொருவரும் முதல் இரண்டு செட்டில் ஒன்றைத் தொடங்குவார். எல்லாரும் எல்லா இடத்திலும் பழகுவார்கள். சொல்லாமல் இரண்டு நாள் வராதவர் அடுத்த ஆட்டத்தைத் தொடங்க மாட்டார், யாராக இருந்தாலும்.

3. வெற்றி அதற்கடுத்து. மூன்றாவது செட்டிலும் நாக் அவுட் ஆட்டங்களிலும் ஜெயிப்பதற்கான ஆறு பேரை நான் தேர்ந்தெடுப்பேன். தேர்வாகாதவரிடம் காரணத்தை நானே நேரில் சொல்வேன்.”

அவர் இரண்டாவதை இரண்டு தடவை படித்துவிட்டு, “முதல் சுற்றிலேயே வெளியே போய்விட்டால்?” என்று கேட்டார். போகலாம் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். பெற்றோர் கூட்டத்திலும் வாசிக்கச் சொன்னார்.

வில்லிவாக்கம்_வீரா · 20 ஜூன், இரவு 10.00

இத நான் எடுத்துக்கலாமா?

மண்தரை_மாஸ்டர் · 21 ஜூன், காலை 5.50

எடுக்காதே. உன்னிடம் இருப்பது 17 வயசுப் பையன்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டா பார்க்கிறவர்கள். உன் இரண்டும் மூன்றும் இடம் மாறலாம். சீட்டிலிருந்து ஆரம்பி.

புதுவிசில், இனி ஒரு நோட்டு போடு. ஒவ்வொரு சங்கடமான முடிவுக்கும் தேதி, ஸ்கோர், என்ன செய்தாய், எந்த எண். எண் எழுத முடியாவிட்டால் இடத்தைக் காலியாக விடு, பொய்யாக நிரப்பாதே. நடு சீசனில் காகிதத்தைத் திருத்தாதே. தோற்ற கோபத்தில் திருத்துவாய்.

பிசியோ_தாரா · 21 ஜூன், காலை 9.15

முதல் எண்ணில் ஓட்டை தெரிந்தால் மட்டும் அன்றே திருத்துங்கள். அதற்குக் காத்திருக்கக் கூடாது.

மண்தரை_மாஸ்டர் · 21 ஜூன், மதியம் 12.40

ஒத்துக்கொள்கிறேன்.

புதுவிசில் · 12 ஆகஸ்ட், இரவு 10.30

நோட்டிலிருந்து மூன்று.

2 ஆகஸ்ட், முதல் சுற்று. நல்லா அடிக்கிற பெண் சொல்லாமல் இரண்டு நாள் வரவில்லை. தொடக்கம் இல்லை. எண் 2. அவள் அம்மா வந்து கேட்டார், கூட்டத்தில் வாசித்ததை ஞாபகப்படுத்தினேன், போய்விட்டார். முதல் செட் தோல்வி, அடுத்த இரண்டும் வெற்றி.

9 ஆகஸ்ட், அரையிறுதி, மூன்றாவது செட் 9–11. செட்டர் குதித்து இறங்கும்போது கணுக்கால் திரும்பியது. நொண்டினாள், ஆடுவேன் என்றாள். எண் 1. வெளியே எடுத்தேன். ஜூனிலிருந்து பழகிய இரண்டாவது செட்டர் உள்ளே. 12–15, தோல்வி.

மூன்றாவதுதான் உறுத்துகிறது. 3 ஆகஸ்ட், முதல் சுற்று, இரண்டாவது செட். ஒரு பெண் தொடங்கினாள். எதிரணி அவளையே குறிவைத்து சர்வீஸ் போட்டது. 1–5. அவளை எடுத்துவிட்டு நன்றாக ரிசீவ் செய்கிறவளைப் போட்டேன். திரும்ப இறக்கவில்லை. ஜெயித்தோம். நோட்டில் எண் எழுத வரவில்லை. ‘தொடங்குவார்’ என்றுதான் வாக்குக் கொடுத்தேன், அவள் தொடங்கினாள். ஆறு புள்ளி. ஜூனில் நானே பயந்த அந்தக் கடைசி இரண்டு புள்ளி விஷயம், முன்பக்கமாக வந்துவிட்டது.

மண்தரை_மாஸ்டர் · 13 ஆகஸ்ட், காலை 5.35

இந்த ஓட்டையை நானும் பார்க்கவில்லை. அந்த வாக்கியம் நான் கொடுத்ததுதான். “தொடங்குவார், நம் அணியோ எதிரணியோ 12 எடுக்கும் வரை உள்ளே இருப்பார்” என்று வர வேண்டும். சீசன் முடிந்ததும் சேர்த்துக்கொள்.

செட்டர்_அப்பா · 13 ஆகஸ்ட், காலை 8.00

மாஸ்டர், அது அந்தப் பெண்ணுக்கு நல்லதா? என் மகளுக்குப் போன வருஷம் இதே நிலை. வெளியே எடுத்ததற்காக அவள் அழவில்லை. எடுக்காமல் விட்டதற்காகத்தான் அழுதாள். எல்லாரும் பார்க்க ஐந்து பந்து வரிசையாகக் கையில் பட்டு வெளியே போனது.

மண்தரை_மாஸ்டர் · 13 ஆகஸ்ட், மாலை 6.45

அப்பாவுக்குத்தான் இது தெரியும், ஏற்றுக்கொள்கிறேன். அவளை எடுப்பதா விடுவதா என்று மட்டும் நாம் பார்க்கிறோம். நடுவில் வேலை இருக்கிறது. ஒரு செட்டுக்கு 30 வினாடி டைம் அவுட் இரண்டு உண்டு, முதலில் ஒன்றை எடுத்து அந்த சர்வரின் ஓட்டத்தை நிறுத்து. ஐந்து பேர் ரிசீவ் செய்ய நிற்கிறார்கள் அல்லவா, அவளை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்கி நிறுத்து, பக்கத்தில் இருப்பவள் இரண்டு அடி அவள் பக்கம் வரட்டும். சர்வீஸ் அடிக்கிற கணத்தில் முன்பின், இடவலம் வரிசை மாறாமல் இருந்தால் போதும், ஃபால்ட் இல்லை. அவள் பொறுப்புக்கு ஒரு சின்ன துண்டுதான் மிஞ்சும். அப்படியும் நிற்கவில்லை என்றால் எடு, ஸ்கோர் 12 ஆவதற்குள் அவளை அவள் இடத்துக்கே திரும்ப இறக்கு. ரூல் ஒரு தடவை அனுமதிக்கிறது. திரும்ப வரும்போது அநேகமாக அந்த சர்வர் மாறியிருப்பாள்.

பிசியோ_தாரா · 13 ஆகஸ்ட், இரவு 9.00

அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா?

புதுவிசில் · 14 ஆகஸ்ட், இரவு 8.50

இன்று பிராக்டிஸ் முடிந்து கேட்டேன். “எடுத்தது பரவாயில்ல மிஸ், எப்ப திரும்பப் போடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்” என்றாள்.

எண் 2க்குக் கீழே பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்: “தொடங்கியவரை எடுத்தால் அதே செட்டில் திரும்ப இறக்குவேன்.” 12 என்ற எண்ணைப் போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு லீவில் பெற்றோர் கூட்டம் வருகிறது, அதற்குள் மூன்று பிராக்டிஸ் மேட்சில் இரண்டு விதமாகவும் செய்து பார்க்கிறேன்.